நைட் டியூட்டியைத் தோழியுடன் மாற்றிக்கொள்வதும் அதை எழுதிக் கொடுப்பதும்: செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனியார் மருத்துவமனையில் பொது வார்டு ஒன்றின் இன்சார்ஜாக இருக்கிறேன். மாதந்தோறும் டியூட்டி ரோஸ்டர் எழுதுவதும், அது ஒட்டப்பட்ட மறுநாளே தொடங்கும் மாற்றக் கோரிக்கைகளைப் பார்ப்பதும் என் வேலை. இளைய செவிலியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எங்கள் வார்டில் மூன்று ஷிப்ட்: காலை 7 முதல் மதியம் 2 வரை, மதியம் 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 7 வரை. உங்கள் மருத்துவமனையில் நேரங்கள் சற்று மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

அக்கா, எனக்கு ஒரு நைட் மட்டும்தான் மாற்ற வேண்டும். தோழி சரி என்று சொல்லிவிட்டாள். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

அந்த ஒரு இரவுக்கு முன்னும் பின்னும் இருவரும் என்ன டியூட்டி பார்க்கிறீர்கள் என்பது இருக்கிறது. பெரும்பாலான மாற்றங்கள் இங்குதான் சிக்குகின்றன. ஓர் உதாரணத்தை நாள்வாரியாகப் பார்த்தால் புரிந்துவிடும். பெயர்கள் கற்பனையானவை.

கவிதாவுக்கு 2026 நவம்பர் 17, 18, 19 ஆகிய மூன்று தேதிகளிலும் நைட். 20 வெள்ளிக்கிழமை ஆஃப். 21-இலிருந்து மதிய டியூட்டி. அண்ணன் மகளுக்கு 19 வியாழன் காலை குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. ஆகவே 18 புதன் இரவு டியூட்டி அவருக்கு வேண்டாம். மேரிக்கு அந்த வாரம் முழுவதும் மதிய டியூட்டி. "என் புதன் நைட்டை நீங்கள் பாருங்கள், உங்கள் புதன் மதியத்தை நான் பார்க்கிறேன்" என்று கவிதா கேட்கிறார். மேரியும் சரி என்கிறார். ஒன்றுக்கு ஒன்று, கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். கவிதா 17-ஆம் தேதி நைட்டை முடித்து 18 காலை 7 மணிக்கு வெளியே வருகிறார். அன்றே மதியம் 2 மணிக்கு மறுபடி வார்டில் நிற்க வேண்டும். இடையில் 7 மணி நேரம். அதில் ரிப்போர்ட் கொடுத்துக் கிளம்புவது, பஸ், குளியல், சாப்பாடு, மறுபடி பஸ் எல்லாம் போக எவ்வளவு தூங்குவார்? மேரியின் நிலையும் அதேதான். 18 நைட்டை முடித்து 19 காலை 7 மணிக்கு வெளியே வருபவருக்கு, 19 மதியம் 2 மணிக்கு அவருடைய சொந்த டியூட்டி காத்திருக்கிறது. ஒரு மாற்றம், தூக்கமில்லாத இரண்டு செவிலியர்கள்.

மேரியின் 19 மதியத்தைக் கவிதா எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அது இன்னும் மோசம். 19 இரவு கவிதாவுக்கே நைட் இருக்கிறது. மதியம் 2 முதல் மறுநாள் காலை 7 வரை 17 மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டிவரும். மேரியோ 18 மதியம் தன் டியூட்டியையும் பார்த்துவிட்டு அப்படியே நைட்டில் தொடர வேண்டிவரும். அதுவும் 17 மணி நேரம்.

செவிலியர் பணி குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் வெளியிட்ட 157-ஆம் எண் பரிந்துரை, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. அது பரிந்துரைதான். ஆனால் நான் அதையே அளவாக வைத்துக்கொள்கிறேன். இன்சுலின் யூனிட்டைத் தவறாகப் படிப்பதும், அடுத்தடுத்த கட்டில்களின் மருந்து மாறிப்போவதும் கண் எரியும் நேரத்தில்தான் நடக்கின்றன.

அப்படியானால் கவிதா யாரிடம் கேட்டிருக்க வேண்டும்?

தோழமையைப் பார்க்காமல் ரோஸ்டரைப் பார்த்திருக்க வேண்டும். தன் பெயருக்கு எதிரே உள்ள வரிசையையும் மற்றவர்களின் வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 18-ஆம் தேதி ஆஃப் இருப்பவர் யார் என்பது தெரியும். நம் உதாரணத்தில் அவர் ஷீலா. அவருக்கு 16, 17 மதியம், 18 ஆஃப், 19 முதல் 22 வரை மறுபடி மதியம்.

ஆனால் ஷீலாவிடமும் ஒரே ஓர் இரவைக் கேட்டால் பழைய சிக்கல்தான் வரும். 19 காலை வெளியே வந்து மதியமே திரும்ப வேண்டும். ஆகவே மூன்று நாட்களைச் சேர்த்து மாற்றிக்கொள்கிறார்கள். 18, 19, 20 தேதிகளில் கவிதாவின் வரிசை நைட், நைட், ஆஃப். ஷீலாவின் வரிசை ஆஃப், மதியம், மதியம். இந்த இரண்டு துண்டுகளும் அப்படியே இடம் மாறுகின்றன.

மாறிய பிறகு சரிபார்ப்போம். கவிதா 18 காலை 7 மணிக்கு வெளியே வருகிறார், 19 மதியம் 2 மணிக்கு உள்ளே வருகிறார். 31 மணி நேரம் கையில் இருக்கிறது. காலையில் காதுகுத்தை முடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பும் தூரத்தில் கோயில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஷீலா 17 இரவு 8 மணிக்கு வீட்டுக்குப் போய் 18 இரவு 8 மணிக்கு வருகிறார். 24 மணி நேரம். 18, 19 இரண்டு நைட்டையும் முடித்து 20 காலை 7 மணிக்கு வெளியே வருபவர், 21 மதியம் 2 மணிக்குத்தான் திரும்ப வேண்டும். அதுவும் 31 மணி நேரம். இருவரின் ஆஃபும் தொலையவில்லை, தேதி மட்டும் மாறியிருக்கிறது.

ஒன்று மட்டும் சமமாகவில்லை. நைட் 11 மணி நேரம், மதியம் 6 மணி நேரம். ஷீலா 12 மணி நேர வேலையைக் கொடுத்து 22 மணி நேர வேலையை வாங்கியிருக்கிறார். திங்கள் முதல் ஞாயிறு வரை அவர் கணக்கு 36-இலிருந்து 46 மணி நேரம் ஆகிறது. எங்கள் வார்டில் வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டவிடுவதில்லை என்பதால் இதை நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் டிசம்பரில் ஷீலாவின் நைட் ஒன்றைக் கவிதா பார்த்துக் கொடுப்பதுதான் நியாயம். அது எந்தத் தேதி என்பதை டிசம்பர் ரோஸ்டர் வந்ததும் தனியாக எழுதிக் கொடுக்கட்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட கடன்தான் வார்டில் பல மனக்கசப்புகளுக்குக் காரணம்.

ஷீலாவுக்குப் பதில் வேறு வார்டுத் தோழியிடம் கேட்கலாமா?

நைட்டில் பொது வார்டில் இரண்டே செவிலியர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது அந்த வார்டின் நோயாளிகளையும் கிராஷ் கார்ட்டையும் மருந்து அலமாரியையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். நீங்கள்தான் அந்த மூத்தவர் என்றால், உங்கள் இடத்துக்கு வருபவரும் அப்படிப்பட்டவராக இருக்க வேண்டும். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆனவரை உங்கள் இடத்தில் போட்டால், அந்த இரவு இரண்டு இளையவர்கள் தனியாக இருப்பார்கள். ஐசியூ, டயாலிசிஸ், பிரசவ அறை ஆகியவற்றில் அந்தப் பயிற்சி இல்லாதவரை மாற்றாக எழுதவே கூடாது.

உங்களுடன் அந்த நைட்டில் இருக்கப்போகும் இரண்டாவது நபரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் எழுதித்தான் கொடுக்க வேண்டும்? இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரில் சொன்னால் போதாதா?

நேரில் சொல்லுங்கள், சொல்லிவிட்டு எழுதியும் கொடுங்கள். நான் ஒருத்தி தலையாட்டியது எனக்கு மட்டுமே தெரியும். 18-ஆம் தேதி நான் விடுப்பில் இருந்தால், அன்றைய இரவு சூப்பர்வைசர் கையில் இருப்பது ஒட்டப்பட்ட ரோஸ்டர் மட்டும்தான். அதில் கவிதா பெயர் இருக்கும், வார்டில் ஷீலா இருப்பார். கவிதா வரவில்லை என்று குறித்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இரவில் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் அல்லது மருந்து மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பவ அறிக்கை எழுதும்போது முதல் கேள்வி, அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்தவர் யார் என்பதுதான். ரோஸ்டரில் ஒரு பெயர், நர்ஸ் குறிப்புகளில் வேறு கையெழுத்து என்றால், சம்பந்தமே இல்லாத கவிதாவும் விசாரணைக்கு வர வேண்டும். அனுமதியோடு வேலை பார்த்த ஷீலாவும் அனுமதி இல்லாமல் வந்தவர்போல் நிற்க வேண்டும். ஒரு தாள் இருந்தால் இருவருக்கும் அந்த நிலை வராது.

கடிதத்தை எப்படி எழுதுவது? மாதிரி ஒன்று தருவீர்களா?

அரைப் பக்கம் போதும். யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் தேதியின் எந்த நேரம் யாருக்கு மாறுகிறது, இருவரின் கையெழுத்து, அனுமதிக்கான இடம். இவ்வளவுதான்.

அனுப்புநர்: கவிதா, ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் பொது வார்டு
பெறுநர்: நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அவர்கள்
வழி: வார்டு இன்சார்ஜ்
நாள்: 11.11.2026
பொருள்: 18.11.2026 முதல் 20.11.2026 வரை டியூட்டி மாற்றத்துக்கு அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய அம்மா,

குடும்ப நிகழ்ச்சி காரணமாக, எனக்கும் ஆண்கள் பொது வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஷீலாவுக்கும் உள்ள டியூட்டியைக் கீழ்க்கண்டவாறு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

18.11.2026 புதன் இரவு 8 மணி முதல் 19.11.2026 வியாழன் காலை 7 மணி வரையிலும், 19.11.2026 வியாழன் இரவு 8 மணி முதல் 20.11.2026 வெள்ளி காலை 7 மணி வரையிலும் எனக்குரிய நைட் டியூட்டியை ஷீலா பார்ப்பார்.

19.11.2026 வியாழன், 20.11.2026 வெள்ளி ஆகிய இரு நாட்களும் மதியம் 2 மணி முதல் இரவு 8 மணி வரை ஷீலாவுக்குரிய டியூட்டியை நான் பார்ப்பேன்.

18.11.2026 அன்று ஷீலாவுக்குரிய ஆஃப் எனக்கும், 20.11.2026 அன்று எனக்குரிய ஆஃப் ஷீலாவுக்கும் மாறும். மற்ற நாட்களில் மாற்றம் இல்லை.

இப்படிக்கு,
கவிதா (கையெழுத்து)

மேற்கண்ட மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன். குறிப்பிட்ட டியூட்டிகளுக்கு நானே பொறுப்பு.
ஷீலா (கையெழுத்து, நாள்)

வார்டு இன்சார்ஜ் பரிந்துரை:
நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அனுமதி:

இதில் நான் விடாப்பிடியாக நிற்பது நைட்டின் தேதியில்தான். "18 நைட்" என்று மட்டும் எழுதினால், சிலர் 17 இரவு தொடங்கி 18 விடியலில் முடிவதை நினைத்துக்கொள்கிறார்கள். நைட் இரண்டு தேதிகளில் படர்வதால் தொடங்கும் தேதி, கிழமை, மணி, முடியும் தேதி, கிழமை, மணி எல்லாமே வேண்டும். கிழமை எதற்கு என்று கேட்பார்கள். தேதியில் ஒரு எண் பிசகினால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

ஷீலாவின் கையெழுத்து அதே தாளில் இருக்க வேண்டும். "அவர் சம்மதித்துவிட்டார்" என்று நீங்கள் எழுதுவது சம்மதம் ஆகாது. காரணத்தை விளக்கத் தேவையில்லை. குடும்ப நிகழ்ச்சி, மருத்துவரைப் பார்ப்பது, தேர்வு என்று இரண்டு சொற்களில் முடித்துவிடலாம். மேலே உள்ளவர்களுக்குத் தேவை வார்டு காலியாக இருக்காது என்ற உறுதிதான்.

எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும்?

ரோஸ்டர் எழுதும் முன்பே தெரிந்த நிகழ்ச்சி என்றால் மாற்றமே தேவையில்லை. விருப்ப நாளாக என்னிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ப எழுதிவிடுவேன். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடுகின்றன. ரோஸ்டர் ஒட்டியபின் என்றால் ஒரு வாரம் இருந்தால் நல்லது. இன்சார்ஜ் பார்த்து, சூப்பரின்டென்டென்ட் கையெழுத்திட்டு, மனிதவளப் பிரிவு வருகைப்பதிவு இயந்திரத்தில் ஷிப்டை மாற்றி முடிக்க அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கையெழுத்து விழும்வரை ஒட்டப்பட்ட ரோஸ்டர்தான் செல்லும், நீங்கள்தான் டியூட்டிக்கு வர வேண்டும். இரண்டு நாட்கள் பார்த்துவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். கையெழுத்து ஆனதும் மூன்று வேலைகள் இருக்கின்றன. தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து ஷீலாவுக்கும் அனுப்புங்கள். வார்டில் ஒட்டியிருக்கும் ரோஸ்டரில் இன்சார்ஜ் சிவப்பு மையால் திருத்திச் சுருக்கொப்பம் இட்டாரா என்று பாருங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். மூன்றாவதாக வருகைப்பதிவு. இயந்திரத்தில் ஷிப்ட் மாறாவிட்டால், 19 காலை 7 மணிக்கு ஷீலா விரல் வைத்து வெளியேறுவதை அது மதிய ஷிப்டோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தாது. சம்பள நாளில் அரை நாள் பிடித்தம் வந்தபிறகுதான் தெரியும், அப்போது தாளைத் தேடி அலைய வேண்டும்.

நைட்டுக்குத் தனிப்படி தரும் மருத்துவமனை என்றால், அது நைட் பார்த்தவருக்குத்தான் போக வேண்டும். அதற்கும் இந்தத் திருத்தமே ஆதாரம்.

இன்றைக்கே, இன்னும் நான்கு மணி நேரத்தில் டியூட்டி. வீட்டில் அவசரம். கடிதம் எழுத நேரமில்லையே?

முதலில் தொலைபேசியில் இன்சார்ஜைப் பிடியுங்கள். அவர் எடுக்காவிட்டால் அன்றைய டியூட்டி சூப்பர்வைசரை அழையுங்கள். பேசிய பிறகு உடனே செய்தி அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் சிஸ்டர். மாமியாரை அவசர சிகிச்சையில் சேர்த்திருக்கிறோம். இன்று 18.11.2026 புதன் இரவு 8 முதல் நாளை வியாழன் காலை 7 வரை ஆண்கள் பொது வார்டில் எனக்குள்ள நைட் டியூட்டிக்கு ஷீலா வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தாங்கள் சரி என்று பதில் அனுப்பியதும் அவரை வரச் சொல்கிறேன். அடுத்த டியூட்டிக்கு வரும்போது கடிதம் தருகிறேன்."

ஷீலாவும் அதே எண்ணுக்குத் தன் பங்குக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். வார்டுக் குழுவில் பொதுவாக "யாராவது வர முடியுமா?" என்று போட்டுவிட்டு, யாரோ கட்டைவிரல் காட்டியதை நம்பி இருந்துவிடாதீர்கள். நான்கு பேர் பார்த்திருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று நினைப்பார்கள். ஓய்வு இடைவெளி சரியாக அமையாத ஆள்தான் கிடைக்கிறார் என்றால் அதையும் சூப்பர்வைசரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு வார்டிலிருந்து ஒருவரை அனுப்பும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

மாற்றிக்கொண்டவர் வரவில்லை என்றால் பழி யார்மீது?

அனுமதி கையெழுத்தான பிறகு அந்த டியூட்டி ஷீலாவுடையது. அவருக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் மேலே தெரிவிக்க வேண்டும், உங்களிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடக் கூடாது. அனுமதி வாங்காத வாய்மொழி மாற்றம் என்றால் வராதவர் நீங்கள்தான், ஏனென்றால் ரோஸ்டரில் இருப்பது உங்கள் பெயர்.

யார் வராவிட்டாலும் அந்த நேரம் வார்டில் மாட்டிக்கொள்பவர் மதிய டியூட்டி பார்த்து முடித்தவர். அடுத்தவர் வந்து ஒவ்வொரு கட்டிலாக ரிப்போர்ட் வாங்கும்வரை அவர் கிளம்ப முடியாது. போதை மருந்துப் பதிவேட்டில் எண்ணிக்கை பார்த்துச் சாவியைக் கைமாற்றும்வரை அவருடைய பொறுப்பு தீராது. இரவு 8.15 ஆகியும் ஆள் வராவிட்டால் அவர் காத்துக்கொண்டே இருக்காமல் சூப்பர்வைசரை அழைக்கட்டும்.

அனுமதி மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

காரணம் கேளுங்கள், அதைக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஓய்வு போதவில்லை, வருபவர் இளையவர், அதே நாளில் இன்னொருவருக்கும் மாற்றம் கொடுத்தாகிவிட்டது என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் வழி உண்டு. மேரியைக் காட்டி மறுக்கப்பட்டவர் ஷீலாவைக் காட்டி மூன்று நாள் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அதே இன்சார்ஜ் கையெழுத்திடுவார். நான் அப்படிச் செய்திருக்கிறேன். எதற்கும் வழியில்லை என்றால் அது விடுப்புக்கான விண்ணப்பமாக மாற வேண்டும்.

மறுத்தபின் இருவரும் பேசிக்கொண்டு ரகசியமாக மாற்றிக்கொள்வதை மட்டும் நான் மன்னிப்பதில்லை. பணம் கொடுத்து டியூட்டி பார்க்க வைப்பதும் அப்படித்தான். அது மாற்றமே அல்ல, ஒருவரின் ஓய்வை விலைக்கு வாங்குவது. கையில் குழந்தையும் தலையில் கடனும் உள்ள இளம்பெண்கள் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் இதில் நான் கடுமையாக இருக்கிறேன்.

மூன்று பேர் சுற்றி மாற்றிக்கொள்ளலாமா?

கணக்கு சரியாக வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே கடிதம், மூன்று கையெழுத்து. மூன்று தனித்தனிக் கடிதங்களாகக் கொடுத்தால், ஒன்று மட்டும் மறுக்கப்படும்போது மற்ற இரண்டும் அந்தரத்தில் நிற்கும்.

நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது. பழையபடியே வந்துவிடலாமா?

ஷீலா தன் வீட்டு வேலைகளை அந்த மாற்றத்தை நம்பி ஒதுக்கியிருப்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். அவருக்கு முடியாது என்றால் மாற்றம் அப்படியே நிற்கும். அவரும் சம்மதித்தால், அதே கடிதத்தின் நகலில் "மேற்கண்ட மாற்றத்தை இருவரும் ரத்து செய்கிறோம்" என்று எழுதி, இருவரும் நாளிட்டுக் கையெழுத்துப் போட்டு, மறுபடி இன்சார்ஜ் வழியாகவே அனுப்புங்கள். ரோஸ்டரிலும் வருகைப்பதிவிலும் திருத்தியதை மீண்டும் திருத்த வேண்டும். அது நடக்காமல் இருவரும் பழைய டியூட்டிக்கு வந்துவிட்டால், இயந்திரம் இருவரையுமே வராதவர்களாகக் காட்டும்.